ஷேர்டு ஃபோல்டரில் ‘அனுமதி இல்லை’ என்று வந்தால்: ஹெல்ப்டெஸ்க் என்ன கேட்க வேண்டும், எப்படி விளக்க வேண்டும்

“ஃபோல்டர் ஓப்பன் ஆகல. அவசரம்.” அலுவலக ஹெல்ப்டெஸ்க்குக்கு வரும் டிக்கெட்டுகளில் பல இவ்வளவுதான் இருக்கும். எந்த ஃபோல்டர், என்ன செய்யப் போனார், திரையில் என்ன வந்தது என்று எதுவும் இருக்காது. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தேவையான விவரத்தை அவருக்குப் புரியும் மொழியில் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. முதல் அழைப்பிலேயே சரியாகக் கேட்டுவிட்டால் அரை மணியில் முடிகிற வேலை இது. கேட்கத் தவறினால் டிக்கெட் இரண்டு நாள் இங்கும் அங்கும் அலையும்.

விண்டோஸ் கணினிகள், ஒரு டொமைன், எல்லோரும் பயன்படுத்தும் ஒரு ஃபைல் சர்வர் உள்ள அலுவலகத்தை இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஹெல்ப்டெஸ்க் வேலைக்குப் புதிதாக வந்தவர்களை மனதில் வைத்து எழுதியது. ஷேர்பாயிண்ட், கூகுள் டிரைவ் போன்றவற்றில் அனுமதி வேறு விதமாக இயங்குகிறது. அவை இங்கே இல்லை.

முதலில், இது அனுமதிப் பிரச்சினைதானா?

யூசர் “பர்மிஷன் இல்லைன்னு வருது” என்று சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். விண்டோஸ் காட்டும் பெட்டியின் முதல் வரி பல பிழைகளுக்கும் ஒன்றேதான்: `Windows cannot access \\FS01\Accounts`. பெரும்பாலானோர் அந்த வரியோடு நிறுத்திவிடுவார்கள். வித்தியாசம் அதற்குக் கீழே இருக்கிறது.

கீழே `You do not have permission to access` என்றோ, `Access is denied` என்றோ, `0x80070005` என்ற எண்ணோ இருந்தால் அது அனுமதிப் பிரச்சினை. சர்வர் கிடைத்தது, யூசர் யார் என்று பார்த்தது, பிறகு மறுத்தது. மாறாக `Check the spelling of the name` என்று தொடங்கி, விவரத்தில் `0x80070035` இருந்தால், கணினியால் சர்வரையே எட்ட முடியவில்லை என்று பொருள். நெட்வொர்க் துண்டிப்பு, வி.பி.என். இணையாதது, பாதையில் எழுத்துப் பிழை ஆகியவைதான் இதற்கு வழக்கமான காரணங்கள். இந்த டிக்கெட்டை அனுமதிக் குழுவுக்கு அனுப்பினால் அவர்கள் பார்த்துவிட்டு “அனுமதி சரியாக இருக்கிறது” என்று திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான்.

மூன்றாவது வகையில் தலைப்பில் `File In Use` என்று வரும், அல்லது எக்செல் `locked for editing` என்று சொல்லும். இன்னொருவர் அதே ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அனுமதியில் கை வைக்கத் தேவையில்லை.

எந்தப் பிழைச் செய்தியும் வராத வகை ஒன்றும் உண்டு. “ஃபோல்டரைக் காணோம், யாரோ டெலீட் பண்ணிட்டாங்க” என்று பதற்றத்தோடு அழைப்பார்கள். பார்க்க அனுமதி இல்லாத ஃபோல்டர்களைப் பட்டியலிலேயே காட்டாத ஓர் அமைப்பு விண்டோஸ் சர்வரில் உண்டு. அதன் பெயர் `Access-based enumeration`. அது இயங்கும் ஷேரில் அனுமதி போனால் ஃபோல்டர் யூசரின் கண்ணில் படாமல் மறைந்துவிடும். ஆகவே பேக்கப்பிலிருந்து மீட்கத் தொடங்கும் முன், பக்கத்து இருக்கைக்காரருக்கு அந்த ஃபோல்டர் தெரிகிறதா என்று கேளுங்கள். தெரிந்தால் அது டெலீட் ஆகவில்லை.

யூசருக்கு எப்படி விளக்குவது

பிழையைப் பார்த்ததும் யூசர் மனதில் இரண்டு சந்தேகங்கள் எழும். “நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?” என்பது ஒன்று. “என்னை வேணும்னே எடுத்துட்டாங்களா?” என்பது இன்னொன்று. இரண்டாவதை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், ஆனால் குரலில் தெரியும். இவற்றுக்குப் பதில் கிடைக்கும் வரை நாம் கேட்கும் கேள்விகள் அவர் காதில் ஏறாது.

இப்படித் தொடங்கலாம்: “மேடம், உங்க கம்ப்யூட்டர் நல்லாதான் இருக்கு, ஃபைலும் பத்திரமா இருக்கு. அந்த ஃபோல்டருக்கு யார் யார் போகலாம்னு சர்வர்ல ஒரு பட்டியல் இருக்கும். உங்க பேர் இப்போ அதுல பொருந்தல. ஏன்னு பார்க்க எனக்கு நாலு விவரம் வேணும்.” இதில் பழி யார் மீதும் விழவில்லை. ‘இப்போதே சரிசெய்கிறேன்’ என்ற வாக்குறுதியும் இல்லை. அந்த வாக்குறுதியைத் தவிர்ப்பது முக்கியம், ஏனென்றால் அனுமதி கொடுப்பதா இல்லையா என்பதை ஹெல்ப்டெஸ்க் முடிவு செய்வதில்லை.

உள்ளே நடப்பதை ஹெல்ப்டெஸ்க்காரர் இன்னும் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் யூசர் லாகின் செய்யும்போது விண்டோஸ் அவருக்கு ஒரு நுழைவுச் சீட்டு எழுதித் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரும், அவர் எந்தெந்த குரூப்பில் இருக்கிறார் என்பதும் அதில் இருக்கும். ஃபோல்டரில் பெரும்பாலும் தனி நபர்களின் பெயர்களைப் போடுவதில்லை. ‘கணக்குப் பிரிவு, எழுதலாம்’, ‘ஆடிட் பிரிவு, படிக்கலாம்’ என்று குரூப்புகளைத்தான் போட்டிருப்பார்கள். யூசர் ஃபோல்டரைத் தொடும்போது சர்வர் சீட்டையும் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. சீட்டு லாகின் நேரத்தில் எழுதப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். பத்து மணிக்கு யூசரைப் புதிய குரூப்பில் சேர்த்தாலும், ஒன்பது மணிக்கு எழுதிய சீட்டில் அது தானாக ஏறாது. “குரூப்பில் சேர்த்தாச்சு, இன்னும் வரல” என்று திரும்பி வரும் டிக்கெட்டுகளில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

நான்கு கேள்விகள்

எங்கே, யாராக, என்ன செய்யும்போது, எப்போதிலிருந்து. இந்த வரிசையிலேயே கேட்பது நல்லது. ஒவ்வொன்றுக்கும் யூசர் சட்டென்று சொல்லும் பதில் ஒன்று இருக்கும், நமக்குத் தேவையானது வேறாக இருக்கும்.

‘எங்கே’ என்று கேட்டால் “Z டிரைவ்ல, ஜி.எஸ்.டி. ஃபோல்டர்” என்பார்கள். Z என்பது அந்தக் கணினியில் வைத்த குறுக்குப் பெயர் மட்டுமே. ஒருவர் கணினியில் Z கணக்குப் பிரிவுக்குப் போகும், இன்னொருவர் கணினியில் விற்பனைப் பிரிவுக்குப் போகும். நமக்கு `\\FS01\Accounts\GST\2024-25` போன்ற முழுப் பாதை வேண்டும். உள்ளே போக முடிந்த வரைக்கும் போய், மேலே உள்ள முகவரிப் பட்டையின் காலி இடத்தில் ஒருமுறை கிளிக் செய்யச் சொல்லுங்கள். பாதை எழுத்தாக மாறும். அதை காப்பி செய்து அனுப்பினால் போதும். அது `Z:\` என்று தொடங்கினால், Z எந்தச் சர்வர் பாதைக்குப் போகிறது என்பதைக் கீழே வரும் கட்டளை காட்டிவிடும். திறக்காமல் போவது எந்த ஃபோல்டர் அல்லது ஃபைல் என்று அதன் பெயரை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘யாராக’ என்ற கேள்வி யூசருக்கு விசித்திரமாகத் தோன்றும், நான் நான்தானே என்பார். ஆனால் பொதுக் கணினியில் முந்தைய ஷிஃப்ட்காரரின் லாகின் திறந்தபடியே இருக்கலாம். அல்லது எப்போதோ கேட்ட பாஸ்வேர்டு பெட்டியில் வேறொருவரின் பெயரைப் போட்டு ‘நினைவில் வை’ என்று டிக் செய்திருக்கலாம். இரண்டாவது நிலையில் திரையில் தெரியும் பெயர் சரியாக இருக்கும், சர்வருக்குப் போகும் பெயர் மட்டும் வேறாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரி, ஆனாலும் திறக்காது. கண்டுபிடிக்க மிகவும் நேரம் பிடிப்பது இந்த வகைதான்.

எந்தக் காரணத்துக்காகவும் பாஸ்வேர்டைக் கேட்காதீர்கள். யூசர் தானாகச் சொல்ல வந்தாலும் தடுத்துவிடுங்கள். அனுமதிப் பிரச்சினையைக் கண்டறிய அது எந்தக் கட்டத்திலும் தேவைப்படாது.

‘என்ன செய்யும்போது’ என்பதுதான் அதிகம் விட்டுப்போகும் கேள்வி. ‘ஓப்பன் ஆகல’ என்ற சொல்லுக்குள் பல நிலைகள் ஒளிந்திருக்கும். ஃபோல்டருக்குள் போக முடியவில்லையா, உள்ளே போய் ஒரு ஃபைலைத் திறக்க முடியவில்லையா, திறந்தபின் சேமிக்க முடியவில்லையா, பெயர் மாற்றவோ அழிக்கவோ முடியவில்லையா? இவை தனித்தனி அனுமதிகள். ஃபோல்டரில் வலது கிளிக் செய்து ஒரு வெற்று டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்கச் சொல்லுங்கள், பிறகு அதையே அழிக்கச் சொல்லுங்கள். எழுதும் அனுமதியும் அழிக்கும் அனுமதியும் இருக்கின்றனவா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அழிக்கும் அனுமதியைத் தனியாகச் சோதிக்கக் காரணம் உண்டு. எக்செல் ஒரு ஃபைலைச் சேமிக்கும்போது பழைய ஃபைலின் மேலேயே எழுதுவதில்லை. அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கி, அதில் முழுவதையும் எழுதி, பழையதை விலக்கிவிட்டுப் புதியதற்கு அந்தப் பெயரை வைக்கிறது. ‘எழுதலாம், அழிக்கக் கூடாது’ என்று பாதுகாப்புக்காக அமைத்த ஃபோல்டரில் இந்தக் கடைசிப் படி தோற்றுப்போகும். யூசருக்கு ‘சேமிக்க முடியவில்லை’ என்று வரும், ஃபோல்டரில் பொருளற்ற பெயர்களோடு குட்டி ஃபைல்கள் சேரும். அப்படிப்பட்ட ஃபைல்களைப் பார்த்தால் அழிக்கும் அனுமதியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

‘எப்போதிலிருந்து’ என்ற கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: இதற்கு முன் எப்போதாவது திறந்ததா? ஒருபோதும் திறந்ததில்லை என்றால் அது புதிய அனுமதிக் கோரிக்கை, உரிமையாளரின் ஒப்புதல் தேவை. நேற்று வரை திறந்தது என்றால் இடையில் ஏதோ மாறியிருக்கிறது. பிரிவு மாற்றமா, பாஸ்வேர்டு மாற்றமா, ஃபோல்டரை இடம் மாற்றினார்களா என்று தேட வேண்டும். இந்த ஒரு பதிலை வைத்தே டிக்கெட்டை இரண்டு வழிகளில் எந்த வழியில் அனுப்புவது என்று தீர்மானித்துவிடலாம்.

ஒரே கட்டளையில் விவரம் வாங்குவது

தொலைபேசியில் இத்தனையும் கேட்பது இரு பக்கமும் சலிப்பூட்டும். ஸ்கிரீன்ஷாட்டும் ஒரு சிறு கட்டளையும் பாதி வேலையைக் குறைத்துவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது பிழைப் பெட்டியை மட்டும் வெட்டி அனுப்ப வேண்டாம், முழுத் திரையும் வேண்டும் என்று சொல்லுங்கள். பின்னால் உள்ள முகவரிப் பட்டையும் கீழே உள்ள கடிகாரமும் அதில் பதிவாகும். சர்வர் பதிவில் தேட வேண்டி வந்தால் அந்த நேரம் மிகவும் உதவும். கணக்கு, சம்பளம் போன்ற மற்ற ஜன்னல்கள் திறந்திருந்தால் முதலில் அவற்றைச் சுருக்கிவிடச் சொல்லுங்கள். டிக்கெட்டைப் பலர் பார்ப்பார்கள்.

கட்டளைக்கு, விண்டோஸ் விசையோடு R அழுத்தி, `cmd` என்று அடித்து என்டர் தட்டச் சொல்லி, இந்த வரியை அனுப்பி ஒட்டச் சொல்லுங்கள்:

```
(whoami & net use & whoami /groups) > "%TEMP%\hd.txt" & notepad "%TEMP%\hd.txt"
```

நோட்பேட் திறக்கும். அதில் இருப்பதை காப்பி செய்து அனுப்பினால் போதும். முதல் வரி யூசர் எந்தக் கணக்கில் இருக்கிறார் என்று சொல்லும். அடுத்த பகுதி ஒவ்வொரு டிரைவ் எழுத்தும் எந்தச் சர்வர் பாதைக்குப் போகிறது என்று காட்டும். கடைசியில் இருக்கும் நீண்ட பட்டியல்தான் அவருடைய நுழைவுச் சீட்டில் எழுதியிருக்கும் குரூப்புகள். இந்தக் கட்டளை எதையும் மாற்றாது, படித்துக் காட்ட மட்டுமே செய்யும். அதை யூசரிடமும் சொல்லிவிடுங்கள். கறுப்புத் திரையைக் கண்டால் பலருக்கும் பயம்.

`cmd`-ஐ ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று திறக்கச் சொல்லாதீர்கள். அப்படித் திறந்தால் யூசர் இணைத்த டிரைவ்கள் பட்டியலில் வராமல் போகலாம். வேறொரு அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு போட்டுத் திறந்திருந்தால் `whoami` அந்தக் கணக்கின் பெயரைக் காட்டும். தவறான விவரத்தை வைத்து மணிக்கணக்கில் தேட நேரிடும்.

ஒரு டிக்கெட்டை முழுதாகப் பார்ப்போம்

விற்பனைப் பிரிவிலிருந்து கணக்குப் பிரிவுக்கு மாறிய ஓர் ஊழியர் திங்கட்கிழமை காலையில் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“சார், ஜி.எஸ்.டி. ஃபோல்டர் ஓப்பன் ஆகல. இன்னைக்கு ரிட்டர்ன் வேலை இருக்கு.”

“சரிங்க மேடம், பார்த்திடலாம். இதுக்கு முன்னாடி அந்த ஃபோல்டர் உங்களுக்கு எப்பவாவது ஓப்பன் ஆயிருக்கா?”

“இல்ல சார், இன்னைக்குத்தான் இந்த செக்ஷனுக்கு வந்தேன்.”

இந்தப் பதிலோடு இது புதிய அனுமதிக் கோரிக்கை என்று தெளிவாகிவிட்டது. பாதையும் கட்டளையின் முடிவும் வாங்கியாயிற்று. பாதை `\\FS01\Accounts\GST\2024-25`. குரூப் பட்டியலில் `Sales_RW` இருக்கிறது, `Accounts_RW` இல்லை. பிழைச் செய்தியில் `You do not have permission` என்று இருக்கிறது. எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறது.

அடுத்து அவரைக் குரூப்பில் சேர்ப்பதற்கு முன், அந்த ஃபோல்டரின் உரிமையாளர் யார் என்று பார்க்க வேண்டும். ஐ.டி. பிரிவு அதற்கு உரிமையாளர் அல்ல. கணக்குப் பிரிவு மேலாளர்தான். அவருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் ‘இவருக்கு அக்சஸ் கொடுக்கலாமா’ என்று மட்டும் எழுதினால், எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்று தெரியாமலே ‘ஓகே’ என்று பதில் வரும். எந்தப் பாதை, படிக்க மட்டுமா அல்லது எழுதவுமா, பழைய பிரிவின் அனுமதியை எடுத்துவிடலாமா என்று மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவது கேள்வி பெரும்பாலான இடங்களில் விட்டுப்போகிறது. அதனால்தான் நான்கு பிரிவுகள் மாறிய ஒருவரிடம் நான்கு பிரிவுகளின் ஃபோல்டர்களும் திறந்தே கிடக்கின்றன. ‘அந்த சார்க்கு இருக்கிற மாதிரியே கொடுங்க’ என்ற கோரிக்கையையும் இதே காரணத்துக்காக ஏற்கக் கூடாது. அந்த சாரிடம் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒப்புதல் வந்தது, `Accounts_RW` குரூப்பில் சேர்த்தாயிற்று. பத்து நிமிடம் கழித்து அழைக்கிறார்: “இன்னும் அதேதான் வருது சார்.”

“கம்ப்யூட்டரை ஒருதடவை சைன் அவுட் பண்ணிட்டு வந்தீங்களா மேடம்?”

“பண்ணினேனே. விண்டோஸ் கீயும் L-உம் அழுத்தி, திரும்ப பாஸ்வேர்டு போட்டு வந்தேன்.”

அது சைன் அவுட் அல்ல, திரையைப் பூட்டியது மட்டும்தான். பூட்டித் திறந்தால் பழைய சீட்டே தொடரும். ஸ்டார்ட் மெனுவில் தன் பெயரைக் கிளிக் செய்து `Sign out` கொடுக்க வேண்டும். அதற்குமுன் திறந்திருக்கும் ஃபைல்களைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள். மறுபடி உள்ளே வந்ததும் `whoami /groups` ஓட்டிப் பார்த்தால் `Accounts_RW` வந்திருக்கும். ஃபோல்டரும் திறக்கும்.

சைன் அவுட் செய்தும் குரூப் வரவில்லையென்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். யூசர் வீட்டிலிருந்து வேலை செய்தால், வி.பி.என். இணைவதற்கு முன்பே லாகின் ஆகியிருப்பார். டொமைன் சர்வரை எட்டாமல், கணினி நினைவில் வைத்திருந்த பழைய தகவலைக் கொண்டு சீட்டு எழுதப்பட்டிருக்கும். இதை அடுத்த நிலைக் குழுவிடம் தாருங்கள். இன்னொரு காரணம் கிளை அலுவலகம். தலைமை அலுவலக டொமைன் சர்வரில் செய்த மாற்றம் கிளையில் உள்ள சர்வருக்குப் போய்ச்சேர நேரமாகும். இயல்பான அமைப்பில் இரண்டு இடங்களுக்கிடையே 180 நிமிடத்துக்கு ஒருமுறைதான் தகவல் பரிமாறப்படும். பல நிறுவனங்கள் அதை 15 நிமிடமாகக் குறைத்து வைத்திருப்பார்கள். உங்கள் அலுவலகத்தில் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டால், ‘கொஞ்ச நேரத்தில் வந்துடும்’ என்பதற்குப் பதிலாக யூசருக்கு உருப்படியான ஒரு நேரத்தைச் சொல்லலாம்.

நம் ஊழியருக்கு ஃபோல்டர் திறந்துவிட்டது. மதியம் மறுபடி அழைக்கிறார். “எல்லா ஃபைலும் ஓப்பன் ஆகுது, ஒண்ணே ஒண்ணு மட்டும் அக்சஸ் டினைடுன்னு வருது. `ITC_Summary.xlsx`.”

இங்கே பலர் மறுபடி குரூப்பைத் தேடிப் போவார்கள். ஃபோல்டரில் மற்ற ஃபைல்கள் திறக்கும்போது குரூப் சரியாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு ஃபைல் மறுத்தால் அந்த ஃபைலின் வரலாற்றைத்தான் கேட்க வேண்டும். முதல் கேள்வி: “அந்த ஃபைல் இதே ஃபோல்டர்லயே உருவானதா, வேற எங்கிருந்தாவது வந்ததா மேடம்?” பக்கத்தில் விசாரித்துவிட்டுச் சொல்கிறார்: ஆடிட் ஃபோல்டரில் இருந்ததை மேற்பார்வையாளர் காலையில்தான் இங்கே இழுத்துப் போட்டாராம்.

விடை அதில்தான் இருக்கிறது. ஒரு ஃபைலை காப்பி செய்து ஒட்டினால் அது புதிய ஃபைல், ஆகவே போய்ச்சேரும் ஃபோல்டரின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். அதே டிரைவுக்குள் கட் செய்தோ இழுத்தோ நகர்த்தினால் அது பழைய ஃபைல்தான், பழைய அனுமதிகளோடேயே பெரும்பாலும் வந்து உட்காரும். ஆடிட் ஃபோல்டரின் பட்டியலில் ஆடிட் பிரிவும் மேற்பார்வையாளரும் மட்டும் இருந்தார்கள். நகர்த்தியவருக்கு இப்போதும் திறக்கும், அதனால் அவர் கண்ணில் எந்தக் குறையும் படாது.

இதை யூசரிடம் இப்படிச் சொல்லலாம்: “மேடம், உங்க அனுமதி சரியா இருக்கு. அந்த ஃபைல் பழைய இடத்தோட பூட்டோட வந்திருக்கு. அதை நகர்த்தின சார்கிட்ட கேட்டுட்டு மாத்திடறோம்.” கேட்டுத்தான் மாற்ற வேண்டும். ஆடிட் பிரிவின் ஃபைல் தவறுதலாக இங்கே வந்திருந்தால், திறந்து விடுவதற்குப் பதிலாகத் திருப்பி அனுப்புவதே சரி. இங்கே இருக்க வேண்டியதுதான் என்று அவர் உறுதி செய்தபின், சர்வர் பொறுப்பாளர் அந்த ஒரு ஃபைலின் அனுமதியைத் தற்போதைய ஃபோல்டரோடு ஒத்துப்போகச் செய்வார்:

```
icacls "D:\Shares\Accounts\GST\2024-25\ITC_Summary.xlsx" /reset
```

இந்தக் கட்டளையை மேல் ஃபோல்டரில் `/T` சேர்த்து ஓட்டினால் உள்ளே இருக்கும் அத்தனை ஃபோல்டர்களின் தனி அனுமதிகளும் அழிந்துவிடும். சம்பளப் பட்டியல் இருக்கும் உள் ஃபோல்டர் மொத்தப் பிரிவுக்கும் திறந்துகொள்ளும். ஒரு ஃபைலுக்கான கட்டளை ஒரு ஃபைலோடு நிற்கட்டும்.

சர்வர் பக்கம் பார்ப்பவருக்கு

ஷேர்டு ஃபோல்டருக்கு இரண்டு பட்டியல்கள் உண்டு. ஷேருக்கு ஒன்று, டிஸ்கில் உள்ள ஃபோல்டருக்கு ஒன்று. இரண்டில் எது அதிகம் கட்டுப்படுத்துகிறதோ அதுதான் யூசருக்குக் கிடைக்கும். ஃபோல்டரில் எழுதும் அனுமதி இருந்தும் ஷேரில் ‘படிக்கலாம்’ மட்டும் இருந்தால் சேமிக்க முடியாது. ஒரே ஷேரில் யாருக்குமே சேமிக்க முடியவில்லை என்று பலர் ஒரே நேரத்தில் அழைத்தால் ஷேர் பட்டியலை முதலில் பாருங்கள்.

ஃபோல்டரின் பண்புகளில் `Security`, அதில் `Advanced`, அதில் `Effective Access` என்று போய் யூசர் பெயரைக் கொடுத்தால் எந்தெந்த அனுமதி கிடைக்கிறது என்று பச்சை, சிவப்புக் குறிகளோடு வரும். பட்டியலில் எங்காவது `Deny` இருந்தால் கவனம் தேவை. ஒரே மட்டத்தில் அனுமதியும் மறுப்பும் மோதினால் மறுப்புதான் வெல்லும். ஒருவர் இரண்டு குரூப்பில் இருந்து, ஒன்றில் அனுமதியும் மற்றதில் மறுப்பும் இருந்தால் அவருக்குத் திறக்காது.

எல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு தொடர்ந்தால், முன்பு சொன்ன ‘வேறு பெயரில் போவது’தான் மிச்சம். யூசர் கணினியில் `cmdkey /list` ஓட்டினால் சேமித்து வைத்த பெயர்கள் தெரியும். சர்வரில் இதை ஓட்டினால் யார் எந்தப் பெயரில் வந்திருக்கிறார்கள் என்று சர்வரின் கண்ணால் பார்க்கலாம்:

```
Get-SmbSession | Select-Object ClientComputerName, ClientUserName
```

யூசர் சொன்ன பெயரும் இதில் வரும் பெயரும் வேறாக இருந்தால், `Credential Manager`-இல் அந்தப் பழைய பதிவை நீக்கிவிட்டு சைன் அவுட் செய்யச் சொல்லுங்கள்.

அவசரத்தில் செய்யக் கூடாத இரண்டு செயல்கள். ‘இப்போதைக்கு’ என்று `Everyone` குரூப்புக்கு முழு அனுமதி கொடுப்பது ஒன்று. அதைத் திரும்ப எடுக்க யாருக்கும் நினைவிருக்காது. மற்றது, அட்மின் கணக்கில் சர்வரில் ஒரு ஃபோல்டரைத் திறக்கும்போது வரும் பெட்டியில் `Continue` அழுத்துவது. `Click Continue to permanently get access to this folder` என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அழுத்தினால் உங்கள் பெயர் அந்த ஃபோல்டரின் பட்டியலில் நிரந்தரமாக ஏறிவிடும்.

டிக்கெட்டில் எழுத வேண்டியது

அடுத்த நிலைக்கு அனுப்பும் டிக்கெட்டில் பாதை, யூசர் கணக்கு, செய்ய முயன்ற செயல், பிழையின் சரியான சொற்கள், நேரம், முன்பு திறந்ததா, மற்றவர்களுக்குத் திறக்கிறதா ஆகியவை இருந்தால் போதும். நம் மதிய டிக்கெட் இப்படி இருக்கும்: “`\\FS01\Accounts\GST\2024-25\ITC_Summary.xlsx`, திறக்கும்போது `Access is denied`, மதியம் 2.15. அதே ஃபோல்டரில் மற்ற ஃபைல்கள் திறக்கின்றன. குரூப் பட்டியலில் `Accounts_RW` இருக்கிறது. ஃபைல் இன்று காலை ஆடிட் ஃபோல்டரிலிருந்து நகர்த்தப்பட்டது. நகர்த்தியவரின் ஒப்புதல் இணைப்பில்.” இதைப் படிப்பவர் யூசரை மறுபடி அழைக்க வேண்டியதில்லை.

சரிசெய்தபின் ‘ஃபோல்டர் திறக்குதா’ என்று மட்டும் கேட்டு டிக்கெட்டை மூடாதீர்கள். அவர் எந்தச் செயலில் மாட்டினாரோ அதையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். சேமிக்க முடியவில்லை என்று வந்தவர், ஒரு செல்லில் ஒரு எழுத்தை மாற்றி, சேமித்து, மூடி, மறுபடி திறந்து, மாற்றம் இருப்பதைப் பார்த்துச் சொன்னபிறகு மூடலாம்.